ஒன்பது நர்ஸ் பணியில் நிற்க, முப்பத்தைந்து பேருக்குச் சம்பளம் ஏன்?



சென்ற பொதுக்குழுவில் நம் ஆஸ்பத்திரியைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒரு பெரியவர் கேட்டார்: "உள்ளே முப்பது நோயாளிதான் இருக்கிறார்கள். ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஐந்தாறு நர்ஸ் போதும். சம்பளப் பட்டியலில் முப்பதுக்கு மேல் பெயர் இருக்கிறதே, எப்படி?" பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து நேர் எதிரான கேள்வியைக் கேட்டார்: "என் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வார்டில் இரண்டு கட்டில் காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இது நியாயமா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். உங்கள் சந்தாவும் நன்கொடையும் எப்படிச் செலவாகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. நோயாளியைத் திருப்பி அனுப்பியது ஏன் என்று கேட்பதும் அப்படியே. அன்று நேரம் போதாததால் ஒற்றை வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே கணக்குதான் விடை. அதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த விகிதம் எதற்கு? ஒரு நர்ஸ் ஒரு நேரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கான மேல்வரம்பு அது. நோயாளியின் நாடி, பிரஷர், சுவாசம் மாறுவதை முதலில் காண்பவர் நர்ஸ். டாக்டர் காலையிலும் மாலையிலும் வருகிறார். இடைப்பட்ட நேரத்தில் கண்ணாக இருப்பது அவர்தான். அந்தக் கண் எட்டுப் பேரையும் பத்துப் பேரையும் சுற்றினால் ஏதோ ஒன்று தவறும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியரின் குழு ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. கூடுதலாகப் போடும் ஒரு கட்டில் வரவு மட்டும் அல்ல என்பதை இது காட்டுகிறது.

சில நாடுகளில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளி என்பது வரம்பு. நம் நாட்டில் என்.ஏ.பி.எச். தரச் சான்றை நாடும் மருத்துவமனைகள் பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் இரண்டு பேருக்கு ஒருவர், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் தனியாக ஒருவர் என்ற அளவைப் பின்பற்றுகின்றன. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வார்டில் 14 பேர். பெண்கள் வார்டில் 13 பேர். ஐ.சி.யு.வில் 4 பேர், அவர்களில் ஒருவர் வென்டிலேட்டரில். ஆக 31 நோயாளிகள்.

பெரியவர் மனத்தில் போட்ட கணக்கு இதுதான்: 31ஐ ஆறால் வகுத்தால் ஐந்து சொச்சம், ஆகவே ஆறு நர்ஸ். இதில் முதல் பிழை, எல்லா நோயாளிகளையும் ஒரே கூட்டமாகச் சேர்த்தது. ஐ.சி.யு.வின் விகிதம் வேறு, வார்டின் விகிதம் வேறு. அதோடு, ஆண்கள் வார்டில் நிற்கும் நர்ஸ் அதே நேரத்தில் ஐ.சி.யு.விலும் நிற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக வகுக்க வேண்டும்.

ஆண்கள் வார்டு: 14ஐ 6ஆல் வகுத்தால் 2.33. பெண்கள் வார்டு: 13ஐ 6ஆல் வகுத்தால் 2.17. இங்கேதான் இரண்டாவது பிழை வருகிறது. 2.33 என்றால் ஏறத்தாழ இரண்டு என்று கீழே இறக்கிவிடத் தோன்றும். கடைக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். இங்கே இரண்டு நர்ஸ் என்றால் ஆளுக்கு ஏழு நோயாளி ஆகிவிடும், வரம்பு மீறிவிடும். மிச்சம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மேலே உள்ள முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும். ஆகவே ஆண்கள் வார்டுக்கு 3, பெண்கள் வார்டுக்கு 3. ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவர், மற்ற மூவருக்கு ஒன்றரை, அதாவது இருவர். ஆக அங்கே 3. மொத்தம் ஒன்பது பேர். ஒரு ஷிஃப்டுக்கு, அந்த நேரத்தில் உள்ளே நிற்க வேண்டியவர்கள் இத்தனை பேர்.

"இரண்டு வார்டிலும் மேலே ஏற்றுகிறீர்களே, இதில் வீண் இல்லையா?" என்று யாராவது கேட்டால், கொஞ்சம் இருக்கிறது என்பதுதான் உண்மையான பதில். இரண்டு வார்டையும் சேர்த்தால் 27 பேர், ஆறால் வகுத்தால் நாலரை, ஐந்து நர்ஸ் போதும். ஒவ்வொரு வார்டிலும் இருவர் ஆளுக்கு ஆறு பேரைப் பார்த்துக்கொண்டு, மீதியுள்ள இரண்டு ஆண்களையும் ஒரு பெண்ணையும் ஐந்தாவது நர்ஸ் பார்க்கலாம். இரு வார்டும் ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருந்து, நடுவில் ஒரே நர்ஸ் மேசை இருந்தால் இது நடக்கும். ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர் குறைவார். ஆனால் ஒரு வார்டு கீழேயும் மற்றது மாடியிலும் இருந்தால், அந்த ஐந்தாவது நர்ஸ் எப்போதும் படிக்கட்டில்தான் இருப்பார். கணக்கு தாளில் சரியாக வரும், மாடியில் மணி அடிக்கும்போது ஆள் இருக்காது.

அடுத்து, நோயாளிகளை எப்போது எண்ணுவது? பெரும்பாலான மருத்துவமனைகளில் இரவு 12 மணிக்கு எண்ணி எழுதும் பழக்கம் இருக்கிறது. கட்டில் கணக்குக்கு அது வசதி. நர்ஸ் கணக்குக்கு அதை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். நள்ளிரவில் ஆண்கள் வார்டில் 12 பேர் இருந்தார்கள், ஆகவே காலைக்கு இரண்டு நர்ஸ் போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் ஓ.பி.யிலிருந்து மூன்று பேர் அட்மிஷன் ஆகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர் பில் முடிந்து கிளம்பப் பிற்பகல் ஆகிறது. காலை முழுவதும் வார்டில் 15 பேர். இரண்டு நர்ஸ்களில் ஒருவருக்கு ஏழு, மற்றவருக்கு எட்டு. மறுநாள் ஏட்டைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் தலையை எண்ண வேண்டும். அந்த நேரத்துக்குள் வரவிருக்கிற அட்மிஷன்களையும் அதோடு சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவரை, அவர் வாசலைத் தாண்டும்வரை கழிக்கக் கூடாது.

இதே காரணத்தால், எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்யும்போது மாதச் சராசரியை அடிப்படையாக வைக்கக் கூடாது. சராசரி 12 என்றால் ஏறக்குறைய பாதி நாட்களில் அதைவிடக் கூடுதலாக இருப்பார்கள். முப்பது நாட்களின் எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, 27ஆவது இடத்தில் எந்த எண் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஆள் வைத்தால் 27 நாட்கள் சமாளிக்கலாம். மீதி மூன்று நாட்களுக்கு விடுப்பில் இருப்பவரை அழைக்க ஏற்பாடு வேண்டும்.

இப்போது இன்னொரு விஷயம். விகிதம் என்பது ஷிஃப்டின் ஆரம்பத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு மறந்துவிடும் எண் அல்ல. கலிபோர்னியாவில் சாப்பாட்டு இடைவேளை உட்பட எல்லா நேரத்திலும் விகிதம் குறையக் கூடாது. நமக்கு இது ரமலானில் நன்றாகப் புரியும். ஆண்கள் வார்டில் 14 பேருக்கு மூன்று நர்ஸ். நோன்பு திறக்க ஒருவர் அரை மணி நேரம் போனால், மீதி இருவருக்கு ஆளுக்கு ஏழு நோயாளி. இருவர் சேர்ந்து போனால் ஒருவருக்குப் பதினான்கு. மஃரிப் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், வழக்கமான நாட்களைப் போல முறை வைத்துச் சாப்பிட அனுப்புவதும் கடினம். இதனால்தான் இன்சார்ஜ் சிஸ்டரின் பெயரில் நோயாளிகளை எழுதுவதில்லை. அவர் அந்த ஒன்பது பேரில் சேரமாட்டார். ஒருவர் எழுந்து போகும்போது அந்த இடத்தில் நிற்பவர் அவர். ரமலானில் ஓரிரு வாய் தண்ணீரும் பேரீத்தம்பழமும் வார்டு மேசையிலேயே வைத்து நோன்பைத் திறந்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராகத் தொழவும் சாப்பிடவும் போவதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

யாரை எண்ணுவது என்பதும் முக்கியம். நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த ஸ்டாஃப் நர்ஸை மட்டுமே இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவிகள், வார்டு ஆயா, அங்கேயே வேலை பழகிய உதவியாளர்கள் எல்லோரும் தேவையானவர்கள், உழைப்பவர்கள். ஆனால் ஊசி மருந்தின் அளவைச் சரிபார்ப்பதும், நோயாளி மோசமாகிறார் என்று முடிவெடுத்து டாக்டரை எழுப்புவதும் அவர்களுடைய பொறுப்பு ஆகாது. வெள்ளை உடுப்பை எண்ணினால் விகிதம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

சரி, ஒன்பது பேர் எப்படி முப்பத்தைந்து ஆனார்கள்? ஒரு நாளுக்குக் காலை, மாலை, இரவு என மூன்று ஷிஃப்ட். ஒன்பதை மூன்றால் பெருக்கினால் 27 டூட்டி. ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, பெருநாளும் இல்லை. வருடம் 365 நாளும் 27 டூட்டி என்றால் 9,855 டூட்டிகள். ஆனால் ஒரு நர்ஸ் 365 நாளும் வேலை செய்ய முடியாது. வார ஓய்வு 52 நாள். தற்செயல் விடுப்பு, நோய் விடுப்பு, பண்டிகை எல்லாம் சேர்த்து ஒரு 30 நாள் வைத்துக்கொள்வோம். மீதி 283 நாட்கள். 9,855ஐ 283ஆல் வகுத்தால் 34.8. மேலே ஏற்றினால் 35.

எளிதாக நினைவில் வைக்க வேண்டுமானால், ஒரு நாளின் மொத்த டூட்டியோடு 30 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 27உடன் 30 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 35. ஒரு கட்டிலருகே ஒரு நர்ஸை இரவு பகலாக நிறுத்த ஏறக்குறைய நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இதில் இன்சார்ஜ் சிஸ்டர்களின் கணக்கும், பிரசவ விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக வைக்கும் ஆளின் கணக்கும் சேரவில்லை. மேலே சொன்ன ஒரே தள ஏற்பாட்டில் ஷிஃப்டுக்கு ஒருவர் குறைந்தால் மொத்தத்தில் நான்கு பேரின் சம்பளம் மிச்சமாகும். வார்டுகளை எங்கே அமைப்பது என்று கட்டடம் கட்டும்போதே யோசிக்க வேண்டியது இதனால்தான்.

பெரியவருடைய கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 31 நோயாளிக்கு ஆறு நர்ஸ்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, ஐந்து பேருக்கு ஒருவர் என்று ஓர் ஆஸ்பத்திரி பெருமையாகச் சொல்ல முடியும். பட்டியல்படி அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த ஆறு பேரும் மூன்று ஷிஃப்டிலும் விடுப்பிலும் பிரிந்துபோனால், ஒரு நேரத்தில் உள்ளே நிற்பவர் ஒன்றரைப் பேர்தான். ஒருவருக்கு இருபது நோயாளி. ஆகவே எங்கே விகிதம் என்று சொன்னாலும், "சம்பளப் பட்டியலிலா, இந்த ஷிஃப்டிலா?" என்று கேளுங்கள்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் விடை கிடைக்கும். உள்ளே நிற்கும் நர்ஸ்களை விகிதத்தால் பெருக்கினால், எத்தனை நோயாளிகளை வைத்துக்கொள்ளலாம் என்பது வரும். அந்த வார்டில் 16 கட்டில் இருக்கிறது. மூன்று நர்ஸ் இருந்தால் 18 பேர்வரை பார்க்கலாம், கட்டில்தான் முதலில் தீரும். ஆனால் ஒரு நர்ஸுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து, மாற்று ஆளும் கிடைக்காமல் இருவர் மட்டும் நின்றால், அந்த வார்டு 12 பேருக்கான வார்டு. அதற்குமேல் உள்ள கட்டில்கள் கண்ணுக்குக் காலி, கணக்குக்குக் காலி அல்ல. ஏற்கெனவே 14 பேர் இருக்கிறார்கள் என்றால் அப்போதே வரம்பு மீறிவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டரே இரண்டு நோயாளிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிய அட்மிஷனை நிறுத்த வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலுதவி செய்து நிலைப்படுத்தாமல் அனுப்பக் கூடாது. மற்றவரை வேறிடம் பேசி அனுப்பலாம். அன்று நாங்கள் செய்த தவறு, காரணத்தைச் சொல்லாமல் "இடமில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்தது. "கட்டில் இருக்கிறது, இந்த இரவு பார்த்துக்கொள்ள நர்ஸ் இல்லை" என்று சொல்லியிருந்தால் அந்தத் தம்பிக்குப் புரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. விகிதம் குறைந்தபட்ச அளவுதான், அதை எட்டிவிட்டால் எல்லாம் சரி என்று பொருள் அல்ல. ஆறு பேரும் நாளை வீட்டுக்குப் போகிறவர்களாக இருந்தால் ஒரு நர்ஸ் நிம்மதியாகப் பார்த்துக்கொள்வார். அந்த ஆறில் ஒருவர் இப்போதுதான் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தவர், இன்னொருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் ஆறு பேர் அதிகம். அதை எண் சொல்லாது. இன்சார்ஜ் சிஸ்டர் வார்டைச் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவர் "இன்று ஓர் ஆள் கூடுதலாக வேண்டும்" என்று சொன்னால், விகிதம் சரியாகத்தானே இருக்கிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் வாதாடக் கூடாது.

நோயாளியோடு துணைக்கு இருக்கும் நீங்களும் சில அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். எட்டு மணி ஊசி தினமும் ஒன்பதரைக்கு வருகிறதா? டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்ததை ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதா? கட்டிலில் மாட்டியிருக்கும் சார்ட்டில் நாள் முழுக்க ஒரே பிரஷர், ஒரே நாடி எழுதப்பட்டிருக்கிறதா? அப்படியானால் அந்த நர்ஸ் சோம்பேறி என்று முதலில் முடிவு கட்டாதீர்கள். அவர் பெயரில் எத்தனை நோயாளிகள் எழுதப்பட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு வார்டின் வாசலிலும் ஒரு கரும்பலகை வைக்கிறோம். அந்த ஷிஃப்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையும், பணியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களின் எண்ணிக்கையும் அதில் எழுதப்படும். வகுத்துப் பார்ப்பதற்கு நேரம் அதிகம் ஆகாது. ஆறுக்கு மேல் வந்தால் என்னிடம் வந்து கேளுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்